வெபினாரை கிளிப்பாக வெட்ட, கேப்ஷன் கோப்பில் தேடுங்கள்

கோர்ஸ் விளம்பரத்துக்கு வெபினாரை வெட்டும்போது, வீடியோவை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் அதன் .srt கேப்ஷன் கோப்பை நோட்பேடில் திறந்து, பங்கேற்றவர்கள் கேள்வி கேட்ட இடங்களைப் பிடிக்க ‘கேள்வி’, ‘கேட்டிருக்கிறார்’ என்று தேடுங்கள். கிடைக்கும் வரிக்கு மேலேயே வீடியோவில் அது வரும் நேரம் இருக்கும். நேராக அங்கே போய் வெட்டலாம். கேள்வியைத் திரையில் எழுத்தாகப் போட்டு, பதிலின் முதல் வாக்கியத்திலேயே கிளிப்பைத் தொடங்குங்கள். சேரலாமா என்று யோசிப்பவருக்கும் பெரும்பாலும் அதே சந்தேகம்தான் இருக்கும். பதிலும் முன்கதை இல்லாமல் தனியாக நிற்கும்.

வெட்டுவதற்கு முன்பே முழுக் கோப்பிலும் பிழை திருத்திவிடுங்கள். கோர்ஸ் பெயர் தப்பாக விழுந்திருந்தால் ஒரே Replace All போதும், எல்லா கிளிப்பிலும் சரியாகிவிடும்.

‘இந்த ஸ்லைடில் பார்த்த மாதிரி’ என்று போகும் பதிலுக்கு இது சரிவராது. அப்புறம், கேட்டவரின் குரலோ முகமோ வந்தால் அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.