மீட்புக் காலத்தை மட்டும் பார்த்து முதலிடுவதில் நேரும் தவறுகள்

கிளிநொச்சியில் ஒரு குடும்பத்தின் கையில் 6 இலட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய லாண்ட்மாஸ்டர் ஒன்றை வாங்கிக் கூலிக்கு உழுதால், செலவு போக ஆண்டுக்கு 3 இலட்சம் வீதம் 3 ஆண்டுகள் கிடைக்கும். அதன் பின் இயந்திரம் தேய்ந்துவிடும். அதே காசில், இரணைமடு வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணியில் கிணறு வெட்டி, சூரியசக்தி நீர்ப்பம்பி பூட்டிக் கச்சானும் மிளகாயும் செய்தால், ஆண்டுக்கு 1,80,000 வீதம் 8 ஆண்டுகள் கிடைக்கும்.

போட்ட முதல் திரும்பி வர எடுக்கும் காலமே மீட்புக் காலம். லாண்ட்மாஸ்டருக்கு அது 2 ஆண்டுகள், கிணற்றுக்கு 3 ஆண்டு 4 மாதம். இத்துடன் கணக்கை மூடிவிடுவதே நான் அடிக்கடி காணும் தவறு. அந்த 4 மாதத்தையும் அப்படியே நம்பக் கூடாது. வருமானம் மாதாமாதம் சமமாக வருகிறது என்ற எடுகோளில் அது பிறக்கிறது. மேட்டுப்பயிரின் காசோ அறுவடையோடு மொத்தமாக வருவதால், உண்மையில் நான்காம் ஆண்டின் அறுவடை வரை காத்திருக்க நேரிடலாம்.

பிந்தி வரும் ரூபாயை விட இன்று கையிலுள்ள ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்ற காசின் காலப் பெறுமதியைச் சேர்த்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ணுவது அடுத்த தவறு. 15% கழிவு வீதத்தில், ஒவ்வோர் ஆண்டின் வரவையும் எத்தனை ஆண்டு தள்ளி வருகிறதோ அத்தனை முறை 1.15 ஆல் வகுத்துக் கூட்டினால், கழிவிட்ட மீட்புக் காலம் லாண்ட்மாஸ்டருக்கு ஏறத்தாழ 2.6 ஆண்டுகளாகவும் கிணற்றுக்கு 5 ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாகவும் வருகிறது. இப்போதும் லாண்ட்மாஸ்டரே முந்துகிறது. ஆனால் ஆயுள் முழுவதற்குமான வரவை இப்படி வகுத்துக் கூட்டி, போட்ட முதலைக் கழித்தால் கிடைக்கும் தேறிய நிகழ்காலப் பெறுமதி அதற்குச் சுமார் 85,000 ரூபாய், கிணற்றுக்குச் சுமார் 2,07,700 ரூபாய்.

இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கிணற்றின் கடைசி 3 ஆண்டுகளில் பார்க்கலாம். 6, 7, 8 ஆம் ஆண்டுகளின் வரவுக்கு மட்டும் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 2,04,000 ரூபாய். கிணற்றின் ஆதாயம் முழுவதும் அனேகமாக அதுவேதான். கழிவிட்டாலும் விடாவிட்டாலும், மீட்புக் காலம் என்பது போட்ட காசு திரும்பிய நாளோடு எண்ணுவதை நிறுத்திவிடுவதால், அந்த ஆண்டுகள் அதன் கண்ணுக்கே படுவதில்லை.

ஆயுள் சமமில்லாத இரண்டை இப்படி ஒப்பிடலாமா என்ற கேள்வி நியாயமானது. தேறிய நிகழ்காலப் பெறுமதியை அதே 15% கழிவு வீதத்தில் ஆண்டுக்கு ஒரு சமமான தொகையாக மாற்றினால் லாண்ட்மாஸ்டருக்கு ஏறத்தாழ 37,200, கிணற்றுக்கு 46,300 வருகிறது. ஆகவே லாண்ட்மாஸ்டரை அதே விலைக்குத் திரும்பத் திரும்ப வாங்கினாலும் கிணறே மேல். கடன் தவணை 3 ஆண்டுக்குள் முடிய வேண்டுமென்றால் மட்டும் மீட்புக் காலம் தனியாகக் கவனிக்கத் தக்கது, ஏனெனில் அது கையில் காசு இருக்குமா என்ற வேறொரு கேள்வி.

கழிவிட்ட மீட்புக் காலம் ஆயுளுக்குள் அமைந்தால் திட்டம் நட்டமாகாது என்ற நம்பிக்கையும், பிற்காலத்தில் பெருஞ்செலவு வராதபோதுதான் செல்லும். 10 இலட்சம் போட்டுக் கிரவல் அகழ்ந்து, 3 ஆண்டுகள் 5 இலட்சம் வீதம் பெற்று, நான்காம் ஆண்டில் குழியை மூட 3 இலட்சம் செலவிட வேண்டியிருந்தால், அதே 15% வீதத்தில் போட்ட காசு ஏறத்தாழ 2.6 ஆண்டில் மீண்டுவிடுகிறது. தேறிய நிகழ்காலப் பெறுமதியோ ஏறத்தாழ 30,000 ரூபாய் நட்டம்.