சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்?

பிரிட்டனில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களை அதிகம் பதறவைக்கும் நிலைமை இது. சிவப்பு விளக்கில் முதல் ஆளாக நிற்கிறீர்கள். கண்ணாடியில் நீல விளக்கு மின்னுகிறது, சைரன் நெருங்குகிறது. கொஞ்சம் முன்னால் போனால் வழி கிடைக்குமே என்று தோன்றும். போகாதீர்கள்.

ஆம்புலன்ஸுக்காக என்றாலும், நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் சிவப்பு விளக்கை மீறியதாகவே கணக்கு. வழக்கமான தண்டனை 100 பவுண்ட் அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும். முதல் உரிமம் எடுத்து 2 ஆண்டு ஆவதற்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, குறுக்குச் சாலையில் பச்சை விளக்கை நம்பி வரும் லாரி. நீங்கள் உள்ளே நுழைவீர்கள் என்று அந்த ஓட்டுநர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவசர வண்டி ஓட்டுபவர்களுக்குச் சிவப்பைக் கவனமாகக் கடக்க அனுமதி உண்டு, அதற்கான பயிற்சியும் உண்டு. பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் ஏறி உங்களைச் சுற்றிப் போய்விடுவார்கள். வழியே இல்லையென்றால் சற்றுப் பின்னால் நின்று சைரனை அணைத்துவிடுவதும் உண்டு. அவசரம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உங்களைச் சிவப்புக்குள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

சரி, அப்போது உங்கள் வேலை என்ன? கோட்டைத் தாண்டாமல் ஒதுங்க இடம் மிச்சமிருந்தால் இடதுபக்கமாக மெல்ல ஒதுங்கலாம். நடைபாதையில் ஏற வேண்டாம், அங்கே ஆட்கள் இருப்பார்கள். பக்கத்தில் பேருந்துத் தடம் இருந்தால் நீலப் பலகையில் உள்ள நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்துக்குள் நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் அனுப்பும். இடமே இல்லையென்றால் அசையாமல் நில்லுங்கள். அதுவும் உதவிதான், எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்கள் முடிவெடுத்துவிடுவார்கள்.

பச்சை விழுந்ததும் வழக்கம்போலச் சந்திப்பைக் கடந்து, சாலை அகலமாக உள்ள இடத்தில் இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நில்லுங்கள். வளைவிலோ மேட்டின் உச்சிக்கு முன்போ நிறுத்தினால், எதிரே வருவது தெரியாமல் ஆம்புலன்ஸே மாட்டிக்கொள்ளும். திடீர் பிரேக்கும் வேண்டாம். பின்னால் வருபவர் இன்னும் சைரனைக் கவனித்திருக்க மாட்டார்.

சாலை நடுவில் உங்கள் பக்கம் உடையாத வெள்ளைக் கோடு ஓடினால், ஆம்புலன்ஸ் உங்களை முந்தாமல் சைரனை நிறுத்திப் பின்தொடரலாம். வேக வரம்பை மீறாமல், கோடு முடியும் வரை ஓட்டிக்கொண்டே போங்கள்.

அப்புறம், வண்டி கடந்ததும் உடனே கிளம்பாதீர்கள். தீயணைப்பு வண்டிகள் பல நேரம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கண்ணாடியிலும் தோளுக்கு மேலாகவும் பார்த்து, வலது இண்டிகேட்டர் போட்ட பிறகு சாலைக்குத் திரும்புங்கள்.