‘வந்து’ எல்லாம் வெட்ட வேண்டிய ‘வந்து’ இல்லை

பாம்பன் பக்கம் மீனவர் ஒருவரிடம் எடுத்த பேட்டியைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்தபோது வந்த வரி இது, அவர் சொன்னது மாறாமல் இதைப் படிக்கத் தக்கபடி சீராக்க வேண்டும்:

“நாங்க வந்து, அந்த, வடகடல்ல, இல்ல இல்ல, தென்கடல்லதான் வலை போட்டோம், ஒரு நாலு, நாலஞ்சு பாகம் ஆழம் இருக்கும்னு நினைக்கிறேன், மெல்ல மெல்ல காத்து வந்து வள்ளத்தைத் தள்ளிருச்சு.”

இதில் முதல் ‘வந்து’ வெறும் இழுவை, எடுத்துவிடலாம். இரண்டாவதில் காற்று நிஜமாகவே வந்திருக்கிறது, அதனால் ‘வந்து’ எங்கிருந்தாலும் ஒரேயடியாகத் தேடி அழிக்கும் வேலையே வேண்டாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். வடகடல் என்று தொடங்கி அவரே திருத்திக்கொண்டதால் தென்கடல் மட்டும் நிற்கட்டும். இங்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடா பக்கம் தென்கடல், மாற்றி விட்டால் கடலே மாறிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒலிப்பதிவை இன்னொரு முறை கேளுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். ‘மெல்ல மெல்ல’ திக்கல் இல்லை, அது தமிழின் அடுக்குத்தொடர்.

அப்புறம், ‘நினைக்கிறேன்’ என்பதில் கை வைக்கவே கூடாது, அதை எடுத்தால் அவர் உத்தேசமாகச் சொன்ன ஆழம் அளந்து சொன்னது போல ஆகிவிடும்.

சரி, முடிவில் வருவது:

“நாங்க தென்கடல்லதான் வலை போட்டோம். நாலஞ்சு பாகம் ஆழம் இருக்கும்னு நினைக்கிறேன். மெல்ல மெல்ல காத்து வந்து வள்ளத்தைத் தள்ளிருச்சு.”

‘காத்து’ என்பதைக் ‘காற்று’ ஆக்காமல் விட்டது வேண்டுமென்றேதான், அது அவர் பேச்சு. மூலப் பிரதியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.