அரை இடத்தில் வந்து விழாத ஸ்வரம்

டர்பனில் ஒரு கோயில் கச்சேரியில் மோகனம் பாடினேன். எட்டு அட்சர ஆதி தாளம், பல்லவி அரை இடத்தில் எடுப்பு, அதாவது தாளம் தொடங்கி அரை அட்சரம் கழித்துத்தான் பல்லவி தொடங்கும். அங்கேயே கற்பனை செய்து பாடும் கல்பனாஸ்வரத்தின் முடிப்புகள் எல்லாமே தாளத்தின் முதல் தட்டான சமத்தில் முடிந்து, பல்லவி அரை அட்சரம் முந்திக்கொண்டது. மிருதங்கம் வாசித்த அண்ணன் அப்புறம் கணக்கைக் காட்டினார்.

ஐந்தாவது அட்சரத்தில் தொடங்கினால், அட்சரத்துக்கு நாலு ஸ்வரமாக, சமம் வரை 16. நான் 16-க்குத்தான் கட்டியிருந்தேன். எடுப்பு இன்னும் 2 தள்ளி இருக்கிறது. ஆக 18 வேண்டும், அதாவது ஆறு ஆறாக மூன்று தடவை.

சரி என்று ‘கபத பகரி’யை மூன்று முறை பாடினேன். ரியில் முடிவதால் பல்லவியின் காந்தாரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, அது ஓர் அழகு. மூன்றாவது ‘கபத’ எட்டாவது அட்சரமான கடைசி வீச்சில் சரியாகத் தொடங்க வேண்டும். அங்கே பிசகினால் நான் ஓடிவிட்டேன் அல்லது இழுத்துவிட்டேன் என்று அர்த்தம், எடுப்பும் தப்பும்.