ஆட்சேர்ப்புப் பதிவிலிருந்து முதல் அப்ரைசல் வரை: ஆண்டின் நடுவில் சேர்ந்தவரின் மதிப்பெண் தவறாகாமல் அமைப்பது எப்படி?

மனிதவள மென்பொருளில் ஆட்சேர்ப்பு ஒரு பகுதியாகவும் அப்ரைசல் வேறொரு பகுதியாகவும் இருக்கும். பெரும்பாலும் இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நிறுவனம் சிறியதாக இருக்கும்வரை இதனால் பெரிய சிக்கல் வராது. ஆண்டுக்குப் பத்துப் பேர், இருபது பேர் என்று சேரத் தொடங்கிய பிறகுதான் வினை ஆரம்பிக்கும். மார்ச்சில் ஆட்சேர்ப்புப் பக்கத்தில் அலட்சியமாக நிரப்பிய ஒரு கட்டம், டிசம்பரில் ஒருவருடைய மதிப்பெண்ணில் போய் நிற்கும்.

நான் எச்.ஆர். பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில் இது அப்படியே நடந்தது. வாடிக்கையாளர் சேவைக் குழுவில் ஆண்டின் நடுவில் சேர்ந்த ஒருவருக்கு ஐந்துக்கு 2.6 மதிப்பெண் வந்தது. அவருடைய உண்மையான மதிப்பெண் 4. அந்த ஒருவரின் கதையை வைத்தே எல்லாப் படிகளையும் சொல்கிறேன்.

படி 1: ஆள் தேவைக் கோரிக்கையிலேயே இலக்குகளை எழுதுங்கள்

ஒரு பணியிடத்துக்கு ஆள் வேண்டும் என்று மேலாளர் கேட்கும் படிவம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பதவியின் பெயர், துறை, சம்பள வரம்பு, யாருக்குக் கீழ் வேலை என்பவற்றை எல்லோரும் நிரப்புகிறார்கள். பலர் விட்டுவிடுவது, இந்தப் பணியிடத்தில் வருபவரை ஆண்டு முடிவில் எதை வைத்து அளப்போம் என்பதை.

எங்கள் எடுத்துக்காட்டில் மூன்று இலக்குகள் இருந்தன. புகார்களில் 90 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் தீர்ப்பது, பங்கு 50. ஆண்டுக்கு 24 உதவிக் கட்டுரைகள் எழுதுவது, பங்கு 30. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பில் நல்ல மதிப்பெண் பெறுவது, பங்கு 20. கூட்டினால் நூறு வர வேண்டும்.

இதைக் கோரிக்கையிலேயே எழுதிவிட்டால் நேர்காணல் மதிப்பெண் தாளையும் இதிலிருந்தே தயாரிக்கலாம். கட்டுரை எழுதுவது வேலையில் முப்பது பங்கு என்றால், நேர்காணலில் ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும் அல்லவா? எங்கள் பழைய தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கோரிக்கைக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை விண்ணப்பதாரர் பதிவு, பணிவாய்ப்புக் கடிதம், ஊழியர் பதிவு மூன்றிலும் தொடரச் செய்யுங்கள். பின்னால் எதையும் தேடி எடுக்க அதுதான் நூல்.

படி 2: நிலைகளைக் குறைவாக வையுங்கள், தேதிகளை முழுமையாக வையுங்கள்

விண்ணப்பம் வந்தது, முதல் வடிகட்டல், நேர்காணல், பணிவாய்ப்பு தரப்பட்டது, ஏற்றார், சேர்ந்தார். தொடங்குபவர்களுக்கு இந்த ஆறு நிலைகள் போதும். நிராகரிப்பைத் தனியாக வைத்துக் காரணத்தைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒருவர் வந்த தேதி தானாகப் பதிவாக வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக நகர்த்தினால் எல்லாத் தேதியும் வெள்ளிக்கிழமையாகவே இருக்கும், அந்தப் பதிவால் பயனில்லை.

எங்கள் எடுத்துக்காட்டில் கோரிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது மார்ச் 3. அவர் விண்ணப்பித்தது ஏப்ரல் 7. பணிவாய்ப்பை ஏற்றது மே 20. வேலைக்கு வந்தது ஜூலை 1. ஒப்புதலிலிருந்து ஏற்பு வரை 78 நாள். அவர் விண்ணப்பித்ததிலிருந்து ஏற்பு வரை 43 நாள். ஒப்புதலிலிருந்து ஆள் வந்து உட்காரும்வரை 120 நாள். மூன்றுமே சரியான எண்கள்தான், ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. நேர்காணல் குழு மெதுவாக இருக்கிறதா என்று பார்க்க 43 உதவும். குழுத் தலைவர் எத்தனை நாள் ஆள் இல்லாமல் தவித்தார் என்பதை 120 சொல்லும். அறிக்கையில் எது எது என்று பெயரிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் கூட்டத்தில் இருவர் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள்.

படி 3: சேரும் தேதியை அவர் சேர்ந்த அன்று மறுபடி நிரப்புங்கள்

என் அனுபவத்தில் அதிகம் பிழை நடக்கும் இடம் இதுதான்.

பணிவாய்ப்புக் கடிதத்தில் எதிர்பார்க்கும் சேரும் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஜூன் 15 என்று போட்டிருந்தோம். பழைய நிறுவனத்திலிருந்து அவர் விடுபடத் தாமதமானதால் ஜூலை 1-இல்தான் வந்தார். விண்ணப்பதாரர் பதிவை ஊழியர் பதிவாக மாற்றும் பொத்தானை அழுத்தியபோது, கடிதத்திலிருந்த ஜூன் 15 அப்படியே ஊழியர் பதிவுக்குள் போய்விட்டது. சம்பளக் கணக்கு வருகைப் பதிவிலிருந்து போனதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

ஆனால் ஆறு மாதத் தகுதிகாண் பருவம் சேரும் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஜூலை 1 என்றால் அது டிசம்பர் 31-இல் முடிய வேண்டும். மென்பொருள் டிசம்பர் 14 என்று காட்டியது. பணி உறுதிக்கான மதிப்பீட்டுப் படிவம் இரண்டு வாரம் முன்னதாக மேலாளருக்குப் போய்விட்டது. அவருக்குக் கிடைக்க வேண்டிய இரண்டு வாரம் போனது போனதுதான்.

தீர்வு எளியது. எதிர்பார்க்கும் தேதியும் உண்மையான தேதியும் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். ஊழியர் பதிவை முன்கூட்டியே உருவாக்கினாலும், உண்மையான தேதியைக் காலியாக விட்டு, அவர் வந்து சேர்ந்த அன்று கையால் நிரப்புங்கள். மாதக் கடைசியில் அந்த மாதம் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்து, முதல் வருகைப் பதிவின் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

படி 4: மதிப்பீட்டுச் சுற்றில் யார் இருக்கிறார்கள் என்று முடிவுசெய்யுங்கள்

சுற்று ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் சேர்ந்தவரை ஜனவரியில் மதிப்பிடுவதில் பொருளில்லை. அதனால் குறைந்தபட்ச நாள் வரம்பு வேண்டும். நாங்கள் 90 நாள் என்று முடிவுசெய்தோம். சேர்ந்த நாளையும் சேர்த்து எண்ணினால், அக்டோபர் 3 வரை சேர்ந்தவர்கள் அந்தச் சுற்றுக்குள் வருவார்கள்.

வரம்புக்கு வெளியே இருப்பவர்களை வெறுமனே நீக்கிவிடாதீர்கள். நவம்பர் 10-இல் சேர்ந்தவருக்கு அடுத்த சுற்று ஜனவரி 1-இல் தொடங்குவதாக மென்பொருள் எடுத்துக்கொண்டால், அவர் உழைத்த ஏழு வாரங்களை யாரும் மதிப்பிடவே மாட்டார்கள். சுற்றின் தொடக்கத் தேதியோடு, ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுக் காலம் தொடங்கும் தேதி என்று தனிக் கட்டம் வையுங்கள். அவருக்கு அதில் நவம்பர் 10 என்றே இருக்கட்டும்.

படிவங்களை உருவாக்கும் முன் மேலாளர் பெயரையும் பாருங்கள். வளரும் நிறுவனத்தில் ஆண்டுக்கு இருமுறை குழுக்கள் மாறும். கோரிக்கையை எழுதிய மேலாளர் வேறு துறைக்குப் போயிருப்பார், ஊழியர் பதிவில் அவர் பெயரே இருக்கும். பல மென்பொருள்கள் படிவம் உருவாகும் நொடியில் இருக்கும் பெயரை எடுத்து வைத்துக்கொள்கின்றன. பிறகு ஊழியர் பதிவைத் திருத்தினாலும் ஏற்கெனவே உருவான படிவம் பழைய மேலாளரிடமே நிற்கும், அதைத் தனியாக மாற்ற வேண்டும். முதலிலேயே பட்டியலை எடுத்து அந்தந்தக் குழுத் தலைவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

படி 5: இலக்கைக் காலத்துக்கு ஏற்பச் சுருக்குங்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல

இப்போது அந்த 2.6 எப்படி வந்தது என்று பார்ப்போம். முதல் இலக்கில் அவருக்கு 4. இரண்டாவதில் 24-க்கு 11 கட்டுரைகள் என்பதால் மேலாளர் 2 போட்டார். மூன்றாவது காலியாக இருந்தது. ஏனென்றால் கருத்துக்கணிப்பு மே மாதத்தில் எடுக்கப்பட்டது, அப்போது அவர் நிறுவனத்திலேயே இல்லை. மென்பொருள் அந்தக் காலி இடத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டது. ஐம்பது பங்குக்கு 2.0, முப்பது பங்குக்கு 0.6, இருபது பங்குக்கு 0. கூட்டினால் 2.6.

இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எண்ணிக்கையில் அளக்கும் இலக்கு, இருந்த காலத்துக்கு ஏற்பச் சுருங்க வேண்டும். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள், ஏறக்குறைய பாதி ஆண்டு. நேர்க்கணக்கில் 12 கட்டுரைகள். முதல் மாதம் வேலையைக் கற்கும் காலம் என்று கழித்தால் ஐந்து மாதத்துக்கு 10. அப்படிக் கழிப்பதே நியாயம் என்பது என் கருத்து, ஆனால் அதைச் சேர்ந்த முதல் முப்பது நாளுக்குள் எழுதி வைத்துவிட வேண்டும், டிசம்பரில் பேரம் பேசக் கூடாது. 10-க்கு 11 எழுதியவருக்கு மேலாளர் மனமார 4 கொடுத்தார்.

சதவீதத்தில் அளக்கும் இலக்கைச் சுருக்கக் கூடாது. 90 சதவீதம் என்பது ஒரு மாதத்துக்கும் 90 சதவீதம்தான். எச்.ஆர். வேலைக்குப் புதியவர்கள் சிலர் அதையும் பாதியாக்கி 45 என்று போட்டுவிடுகிறார்கள், பிறகு எல்லோருக்கும் முழு மதிப்பெண் வருகிறது.

அளக்கவே முடியாத இலக்கின் பங்கை மற்ற இலக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். விரிதாளில் சரிபார்க்க, பங்குகளை B நெடுவரிசையிலும் மதிப்பெண்களை C நெடுவரிசையிலும் இட்டு இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUMIF(C2:C4,">0",B2:B4)
```

வகுத்தல் குறிக்கு முன்னால் இருப்பது பங்கையும் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டியது: 200, 120, 0, ஆக மொத்தம் 320. அதற்குப் பின்னால் இருப்பது மதிப்பெண் பெற்ற இலக்குகளின் பங்குகள் மட்டும்: 80. வகுத்தால் 4. மதிப்பெண் அளவு 1 முதல் 5 வரை இருக்கும்போது மட்டுமே இது சரியாக வரும். சுழியமும் செல்லுபடியாகும் மதிப்பெண் என்றால், காலி இடத்தையும் சுழியத்தையும் இது ஒன்றாகவே பார்த்துவிடும்.

மேலாளர் மறந்துபோய்க் காலியாக விட்டாலும் இந்தச் சூத்திரம் அதை மன்னித்துவிடும். அதனால் காலி விடும் ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள்.

சுற்றின் மற்ற நாட்கள் எளிது. சுயமதிப்பீட்டுக்கு ஒரு வாரம், மேலாளருக்குப் பத்து நாள், மேலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து மதிப்பெண்களை ஒப்பிட ஒரு நாள், அதன் பிறகே ஊழியருக்குக் காட்டுவது. அந்த ஒப்பீட்டுக் கூட்டத்துக்குப் போகும்முன், அந்த ஆண்டு சேர்ந்தவர்களை மட்டும் தனியாக வடிகட்டி எடுங்கள். அவர்களுடைய சராசரி பழையவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், ஆட்களைக் குறை சொல்வதற்கு முன் சேரும் தேதியையும் சுருக்கிய இலக்குகளையும் காலி இடங்களையும் பாருங்கள். எங்கள் நிறுவனத்தில் அவருடைய மதிப்பெண்ணைத் திருத்தியபோது அப்படித்தான் இன்னும் இரண்டு பேருடையது கிடைத்தது. இருவரும் அதே காலாண்டில் சேர்ந்தவர்கள், இருவருக்கும் அதே கருத்துக்கணிப்புக் கட்டம் காலியாக இருந்தது.