மினாக்சிடில் போட்டதும் முடி கொட்டுகிறதா? பாட்டிலை மூடுவதற்கு முன்

முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலை, மருந்துக்கடைக்கு வரும் இளைஞர்களில் பலர் விட்டுவிடுவது ஒன்றரை மாதத்தில்தான். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரமும் அதுதான்.

ஒருவர் மார்ச் முதல் வாரத்தில் 5 சதவீத மினாக்சிடில் போட ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உச்சந்தலையில் முடி மெலிந்திருக்கிறது. ஏப்ரல் நடுவில் தலைக்குக் குளித்தால் குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்கிறது, சீப்பில் கொத்தாக வருகிறது. பயந்துபோய் நிறுத்திவிடுகிறார். உண்மையில் நடந்தது வேறு. தலையில் ஒரு பகுதி முடி எப்போதும் ஓய்வு நிலையில் இருக்கும். அந்த முடி சில வாரங்களில் தானாகவே விழப்போவதுதான். மினாக்சிடில் ஓய்வைச் சுருக்கி, அடியில் புது முடியைக் கிளப்புகிறது. பழையது ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்படுவதால்தான் அவ்வளவு கொட்டுவதாகத் தெரிகிறது.

இந்த உதிர்வு பெரும்பாலும் 2 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்கி, அடுத்த சில வாரங்களில் அடங்கிவிடும். விழுந்த முடியின் அடியில் சின்ன வெள்ளை முனை தெரியும், தலை முழுக்கப் பரவலாக உதிரும். ஆனால் நாணயம் அளவுக்கு வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தோல் சிவந்து செதில் உரிந்தாலோ, மூன்று மாதம் கடந்தும் உதிர்வு குறையாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பயத்தில் சிலர் நேர்மாறாகவும் செய்வார்கள்: ஒரு வேளைக்கு 1 மில்லிக்குப் பதில் 2, 3 மில்லி. அதனால் முடி கூடுதலாக வளராது. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்த மருந்து. அதிகம் உறிஞ்சப்பட்டால் படபடப்பு, தலைசுற்றல், கைகால் வீக்கம் வரலாம், அப்போது நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உலர்ந்த தலையில், முடியில் அல்லாமல் தோலில் படும்படி காலையும் மாலையும் 1 மில்லி என்பதே வழக்கமான அளவு. போட்டதும் கையைக் கழுவுங்கள். நான்கு மணி நேரமாவது தலையை நனைக்காதீர்கள். படுக்கப் போகும்போது போட்டால் பாதி தலையணைக்குப் போய்விடும். வெறும் அரிப்புதான் தொல்லை என்றால், திரவத்தில் கலக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம். அது இல்லாத நுரை வகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், முழுதாக எடைபோட ஒரு வருடம். இருக்கும் முடியைக் காப்பதே இதன் முதல் வேலை, ஓரளவு அடர்த்தி கூடினால் நல்லது. பல வருடமாக வழவழவென்றிருக்கும் வழுக்கையில் இது முடி முளைக்க வைக்காது. நிறுத்தினால் கிடைத்ததும் சில மாதங்களில் போய்விடும். அதனால் தொடங்குவதற்கு முன்பே, வருடக்கணக்கில் போட முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லேபிளைப் படிக்காமல் வாங்குவது. ‘மினாக்சிடில்’ என்று கேட்டு வாங்கிய பாட்டிலில் ஃபினாஸ்டிரைடும் கலந்திருக்கலாம். இங்கே இரண்டும் சேர்ந்த திரவம் கடைகளில் கிடைக்கிறது. ஃபினாஸ்டிரைடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், முடி வேரைச் சுருங்கவைக்கும் டிஹெச்டி-யாக மாறுவதைத் தடுக்கும் மருந்து. முடி உதிர்வுக்கு அதன் மாத்திரை நாளுக்கு 1 மில்லிகிராம்தான். 5 மில்லிகிராம் மாத்திரை புரோஸ்டேட் வீக்கத்துக்கானது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஃபினாஸ்டிரைடை வாங்கவே கூடாது. கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியை இது பாதிக்கும். கர்ப்பமாக உள்ளவர்கள், ஆகக்கூடியவர்கள் உடைந்த மாத்திரையையோ இந்தத் திரவத்தையோ தொடக்கூடாது.

மருந்தாளுநரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது ஃபினாஸ்டிரைடு மாத்திரையின் பாலியல் விளைவுகள் பற்றி. ஆசை குறைவது, விறைப்பில் சிக்கல், விந்து குறைவது ஆகியவை நூற்றில் சிலருக்கு வருகின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் நிறுத்திய பின்னும் நீடித்ததாகச் சொன்னவர்களும் உண்டு. மனநிலையையும் கவனியுங்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதி செய்தது. முன்பே மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் சொல்லிவிடுங்கள். மனம் கனத்துப்போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. ஃபினாஸ்டிரைடு, புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவைச் சில மாதங்களில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் உண்மையில் அது 6-க்குச் சமமாக இருக்கலாம். ‘முடிக்குத்தானே சாப்பிடுகிறேன்’ என்று விட்டுவிடாமல், பரிசோதனை எழுதித் தரும் மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.