செவ்வாய் 1-இலா, 12-இலா? பாவம் பிரிப்பதில் நடக்கும் தவறுகள்

சென்னையில் பிறந்த ஒரு பெண்ணின் ஜாதகம். மிதுன லக்னம் 26 பாகையில், செவ்வாய் மிதுனத்தில் 18 பாகையில். நம் வழக்கப்படி கட்டம் போட்டால் செவ்வாய் லக்னத்தில். 2, 4, 7, 8, 12-ஐ மட்டும் எண்ணும் நம்மூர்க் கணக்கில் இங்கே செவ்வாய் தோஷம் இல்லை. அதே விவரங்களைக் கொடுத்து இன்னொரு மென்பொருளில், வீடுகளைப் பாகைப்படி பிரிக்கும் பாவச் சக்கரம் எடுத்தால் செவ்வாய் 12-ஆம் பாவத்தில் நிற்கும். உடனே வீட்டில் கலக்கம், பரிகாரம், வந்த வரனைத் தள்ளிப்போடுவது.

இரண்டு கணக்குமே சரிதான். ஒரு முறையில் கிடைத்த எண்ணை எடுத்து, வேறொரு முறைக்கான விதியில் பொருத்தியதுதான் தவறு.

முழு ராசி முறையில் லக்னம் எந்த ராசியில் விழுகிறதோ, அந்த ராசி முழுவதும் 1-ஆம் வீடு. பாகையைப் பார்ப்பதில்லை. செவ்வாய் தோஷம், கிரகப் பார்வை, கேந்திர திரிகோண யோகங்கள் என்று நாம் பழகிய பெரும்பாலான விதிகள் இப்படி ராசியை எண்ணிச் சொல்லப்பட்டவை. அதனால் தோஷத்தை ராசிக் கட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

சம பாவ முறையில் ஒவ்வொரு பாவத்துக்கும் சரியாக 30 பாகை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் ‘சம பாவம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் உண்டு. மேலைநாட்டு வழக்கில் லக்னப் பாகை 1-ஆம் பாவத்தின் தொடக்கம். நம் பெண்ணுக்கு அது மிதுனம் 26-இல் தொடங்கும், 18-இல் உள்ள செவ்வாய் அதற்கு முன்னால் இருப்பதால் 12-க்குப் போய்விடும். இந்திய வழக்கில் லக்னப் பாகை பாவத்தின் நடு. முன்னே 15, பின்னே 15 பாகை என்று வைத்தால் 1-ஆம் பாவம் மிதுனம் 11 முதல் கடகம் 11 வரை, அப்போது செவ்வாய் 1-இலேயே இருக்கும். ஆகவே மென்பொருளின் அமைப்புப் பகுதியில் முறையின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. லக்னப் பாகையைத் தொடக்கமாக வைத்திருக்கிறதா, நடுவாக வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளாசிடஸ் முறை வானத்தை நேரத்தால் பிரிக்கிறது. ஒரு பாகை கிழக்கில் உதித்து உச்சிக்கு வர எடுக்கும் நேரத்தை மூன்றாகப் பங்கிட்டு 12, 11-ஆம் பாவங்களின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பார்கள். 10-ஆம் பாவம் உச்சிப் புள்ளியில் தொடங்கும். 17-ஆம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி பிளாசிடஸின் பெயரால் வழங்கும் இந்த முறையைத்தான் ஜோதிடர் கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி, கிருஷ்ணமூர்த்தி பத்ததி எனும் தம் கே.பி. முறைக்கு எடுத்துக்கொண்டார். இதிலும் லக்னப் பாகைதான் 1-இன் தொடக்கம், ஆகவே செவ்வாய் 12-இல். ஆனால் கே.பி.யில் திருமணத்தை முதன்மையாக 7-ஆம் பாவம் தொடங்கும் முனையின் உப நட்சத்திர அதிபதியை வைத்துப் படிப்பார்கள். அந்த 12-ஐ மட்டும் பிய்த்து எடுத்து தோஷம் என்பது எந்த முறையிலும் சேராது.

பிறந்த ஊரின் அட்சரேகையைக் கவனிக்காமல் விடுவதும் பெரிய தவறு. அதே மிதுனம் 26 லக்னத்தில் லண்டனில் ஒரு குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? சென்னைக்கு உச்சிப் புள்ளி மீனத்தில் சுமார் 23 பாகையில் விழும், லண்டனுக்கோ கும்பத்தில் சுமார் 26-இல். பிளாசிடஸ்படி தொழில் பாவமான 10-இன் அதிபதி சென்னைக் குழந்தைக்கு குரு, லண்டன் குழந்தைக்கு சனி. முழு ராசியில் இருவருக்கும் 10-ஆம் வீடு மீனம்தான், அதிபதி குருதான். தொழிலைப் பற்றிய பலனே மாறிவிடும் என்பதால், வெளிநாட்டில் பிறந்தவர்களின் ஜாதகத்தில் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் நான் பேசுவதில்லை. துருவ வட்டங்களுக்கு அப்பால் சில பாகைகள் உதிப்பதே இல்லை, அங்கே பிளாசிடஸ் கணக்கே நிற்காது.

அப்புறம் பிறந்த நேரம். லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு 1 பாகை நகரும். 26 பாகையில் உள்ள இந்த லக்னம் கடகத்துக்கு மாற இன்னும் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. அதனால் 5 நிமிடப் பிழை முழு ராசிக் கட்டத்தைத் தொடாது. 29 பாகையைத் தாண்டியிருந்தால் அதே 5 நிமிடம் எல்லா வீடுகளையும் ஒன்றாகப் புரட்டிப்போடும். பிளாசிடஸில் அப்படி மொத்தமாகப் புரளாது, ஆனால் எல்லா முனைகளும் கொஞ்சம் நகரும். ஒரு கிரகம் முனைக்கு 1, 2 பாகைக்குள் இருந்து, நேரமும் வீட்டுப் பெரியவர்களின் நினைவிலிருந்து வந்தது என்றால், அது எந்தப் பாவத்தில் என்று அடித்துச் சொல்லாதீர்கள். நேரத்தை 5 நிமிடம் கூட்டியும் குறைத்தும் இரண்டு முறை கட்டம் போடுங்கள். பாவம் மாறினால் அந்தக் கிரகத்தை வைத்துப் பலன் சொல்வதை நேரம் உறுதியாகும்வரை நிறுத்தி வையுங்கள்.